ஓஸ் பைப்புத் தண்ணீர் சுவரை எவ்வளவு தள்ளுகிறது? மாடியில் எடைபோட்டுப் பார்த்த கதை

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓஸ் பைப்பிலிருந்து பாயும் தண்ணீர் ஒரு செங்குத்துச் சுவரில் நேராக மோதுகிறது. நொடிக்கு எவ்வளவு தண்ணீர், என்ன வேகம் என்று கொடுத்திருக்கிறார்கள். சுவர் மீது செயல்படும் விசை எவ்வளவு?

வகுப்பில் மூன்று விடைகள் வந்திருக்கின்றன. முதல் விடை, நொடிக்கு வரும் நிறையை வேகத்தால் பெருக்கியது. இரண்டாவது, அதைப்போல் இருமடங்கு: "பந்து சுவரில் பட்டுத் திரும்பினால் உந்த மாற்றம் ரெண்டு மடங்குதானே?" என்று ஒரு தோழி வாதாடியிருக்கிறாள். மூன்றாவது விடை இவளுடையது. ஓடும் நீரைச் சுவர் நிறுத்தினால் அங்கே எழும் அழுத்தத்தைப் பெர்னூலி சமன்பாட்டால் கண்டுபிடித்து, அதைத் தாரையின் குறுக்குப் பரப்பால் பெருக்கியிருந்தாள். கிடைத்தது முதல் விடையில் சரிபாதி.

ஆக, ஒரே கேள்விக்கு ஒன்று, இரண்டு, அரை. "எது சரின்னு மட்டும் சொல்லுங்க மாமா" என்றாள்.

பொறியியல் கல்லூரியில் நீரியல் ஆய்வகத்தில் பல வருடம் நின்றவன் என்பதால் விடை தெரியும். ஆனால் அவளுடைய தவறு சாதாரணத் தவறு இல்லை. அழுத்தம் பெருக்கல் பரப்பு விசை என்பது அழுத்தத்தின் வரையறையிலிருந்தே வருவது. அவள் போட்ட அழுத்தமும் சரியான அழுத்தம்தான். சரியான இரண்டைப் பெருக்கித் தவறான விடை வருகிறது என்றால், அதை வெறும் வாயால் சொல்லி நம்பவைக்கக் கூடாது. நாளைக்குக் காலையில் மாடியில் எடைபோட்டுப் பார்த்துவிடலாம் என்றேன்.

கணக்கு எப்படி வருகிறது

முதலில் தாளில் போட்டோம். நீர்த்தாரையின் வேகம் v, குறுக்குப் பரப்பு A, நீரின் அடர்த்தி ρ. ஒரு நொடியில் சுவரை வந்தடையும் நீர் எவ்வளவு? v மீட்டர் நீளமுள்ள ஒரு நீர்க்கம்பி சுவருக்குள் நுழைவதாக நினைத்துக்கொள்ளலாம். அதன் கன அளவு Av, நிறை ρAv. ஒவ்வொரு கிலோவும் v வேகத்தில் வருவதால், சுவரை நோக்கிய உந்தம் நொடிக்கு ρAv² வந்து சேர்கிறது.

இப்போது வெளியே போகும் கணக்கைப் பார்க்க வேண்டும். மோதிய தண்ணீர் சுவரை ஒட்டி எல்லாப் பக்கமும் விரிந்து ஓடுகிறது. ஓடுகிற நீருக்கு வேகம் உண்டு, ஆனால் அது சுவரின் தளத்திலேயே இருக்கிறது. சுவருக்குச் செங்குத்தான திசையில் மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே அந்தத் திசையில் நொடிக்கு ρAv² உந்தம் வந்தது, பூஜ்யம் போனது. உந்தம் மாறும் வீதம்தான் விசை என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. நீர் மீது சுவர் செலுத்தும் விசை அவ்வளவு. மூன்றாம் விதிப்படி சுவர் மீது நீர் செலுத்துவதும் அவ்வளவே.

F = ρAv² = ṁv

இதில் ṁ என்பது நொடிக்கு வரும் நிறை.

பல மாணவர்கள் இங்கே ஒன்றைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சுவர் தண்ணீரை நிறுத்திவிடுகிறது, அதனால்தான் விசை என்று நினைக்கிறார்கள். சுவர் தண்ணீரை நிறுத்துவதே இல்லை. வழவழப்பான சுவராக இருந்தால், பக்கவாட்டில் விரிந்து ஓடும் மெல்லிய நீரேடு ஏறக்குறைய வந்த வேகத்திலேயே ஓடும். சுவரில் ஓஸைப் பிடித்தால் தண்ணீர் மேல்நோக்கியும் சீறி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். நின்றுபோன நீர் அப்படி ஏறாது. ஆற்றல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, திசைதான் மாறியிருக்கிறது. இடப்பக்கம் ஓடுவதும் வலப்பக்கம் ஓடுவதும், மேலே போவதும் கீழே போவதும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் கூட்டு உந்தம் பூஜ்யம். வேகம் குறையாமலே விசை பிறக்கிறது என்பதை அவள் ஏற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆனது.

மாடியில் செய்த தராசு

ஆய்வகத்தில் இதற்கென்று ஒரு கருவி உண்டு. கீழிருந்து மேலே பாயும் தாரை ஒரு தகட்டில் மோதும். மேலே எடை வைத்துத் தகட்டைச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். வீட்டில் அது இல்லை என்பதால் மரச்சட்டத்தில் 'எல்' வடிவத்தில் ஒரு தராசு செய்தோம்.

ஒரு சட்டம் செங்குத்தாகத் தொங்குகிறது. அதன் மேல்முனையிலிருந்து இன்னொரு சட்டம் பின்பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேரும் மூலையில் ஒரு போல்ட். அதுதான் சுழலும் அச்சு. தொங்கும் சட்டத்தில் அச்சிலிருந்து சரியாக 30 செ.மீ. கீழே ஒரு பிளைவுட் பலகையைத் திருகி, நடுவில் பெருக்கல் குறி போட்டோம். பின்பக்கச் சட்டத்தில் அச்சிலிருந்து அதே 30 செ.மீ. தூரத்தில் ஒரு கொக்கி. தண்ணீர் பலகையைப் பின்னால் தள்ளினால் கொக்கி மேலே எழும்பப் பார்க்கும். கொக்கியில் தொங்கும் எடை அதைக் கீழே இழுக்கும். இரண்டு கைகளும் ஒரே நீளம் என்பதால், பலகை செங்குத்தாக நிற்கும்போது தொங்கும் எடைதான் நீரின் விசை. பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம்.

எடையாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல். பலகை செங்குத்து நிலையைத் தாண்டி முன்னால் வராதபடி ஒரு ஆணி. வெறும் தராசு சமநிலையில் நிற்பதற்காக முன்பக்கம் ஒரு சின்னக் கல்லைக் கட்டினோம். பலகை செங்குத்தாக நிற்பது இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. அதில் ஒட்டி வழியும் தண்ணீருக்கும் எடை உண்டு. பலகை அச்சுக்கு நேர்கீழே இருக்கும்வரை அந்த எடையால் திருப்புத்திறன் வராது. சாய்ந்தால் அதுவும் கணக்கில் புகுந்துவிடும்.

தண்ணீர் பாய்ச்ச, கீழ்த்தளத்துச் சம்ப்பில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொண்டோம். மாடித் தொட்டியின் உயரம் மட்டும் போதாது. முக்கால் இஞ்ச் ஓஸ், உள்விட்டம் 20 மி.மீ. அதன் முனையில் ஒரு பிவிசி எண்ட் கேப்பை மாட்டி, அதன் நடுவில் 10 மி.மீ. டிரில் பிட்டால் துளை போட்டேன். அந்தத் துளைதான் பிறகு எங்களைச் சுற்றவிட்டது.

நீரின் அளவைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு டிரம்மில் 20 கிலோ தண்ணீரை எடைபோட்டு ஊற்றிக் கோடு கிழித்தோம். பிறகு காலி டிரம்மை ஓஸில் பிடித்து, கோடு வரை நிறைய எத்தனை நொடி என்று மூன்று முறை பார்த்தோம்: 24.8, 25.3, 24.9. சராசரி 25 நொடி. அதாவது நொடிக்கு 0.8 கிலோ.

துளையின் பரப்பு 78.5 சதுர மி.மீ. அப்படியானால் வேகம் நொடிக்கு 10.2 மீட்டர். விசை 0.8 × 10.2, அதாவது 8.2 நியூட்டன். ஒரு கிலோ எடை என்பது 9.8 நியூட்டன் என்பதால், டப்பாவில் 830 கிராம் இருக்க வேண்டும். தோழி சொன்னது சரியென்றால் 1.66 கிலோ. இவள் சொன்னது சரியென்றால் 415 கிராம். மூன்றையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு மோட்டாரைப் போட்டோம்.

எதோடும் பொருந்தாத அளவு

830 கிராமில் பலகை ஆணியை விட்டுப் பின்னால் போய் நின்றது. மணலைப் போடப் போட மெதுவாகத் திரும்பியது. 1 கிலோ தாண்டியும் வரவில்லை. 1.29 கிலோவில்தான் ஆணியைத் தொட்டது. பிறகு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம், 1.21 கிலோவில் ஆணியை விட்டு விலகியது.

இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் போல்ட்டின் உராய்வு. மணல் சேர்க்கும்போது உராய்வு பலகை திரும்புவதைத் தடுக்கும், அதனால் எடை கூடுதலாகக் காட்டும். எடுக்கும்போது அதே உராய்வு பலகை விலகுவதைத் தடுக்கும், எடை குறைவாகக் காட்டும். இரண்டையும் எடுத்துச் சராசரி போட்டால் உராய்வு கழிந்துவிடும். சராசரி 1.25 கிலோ.

எதிர்பார்த்தது 830 கிராம். இது அதைப்போல் ஒன்றரை மடங்கு.

அவளுக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றியது. "மாமா, பாதித் தண்ணி பட்டுத் திரும்பி வருது, பாதி வழியுது. அதான் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒன்றரை வருது." கேட்க அழகாக இருந்தது. எண்ணும் பொருந்தியது. இப்படி எண் பொருந்திவிட்டால் அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். ஆய்வகத்தில் எத்தனையோ பதிவேடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கண்ணால் பார்த்தால் அப்படி இல்லை. பாதித் தண்ணீர் வந்த வேகத்தில் திரும்பினால், ஓஸைப் பிடித்திருப்பவர் முழுக்க நனைந்திருப்பார். எங்கள் மீது தெறித்தது சில துளிகள்தான். மற்றதெல்லாம் பலகையை ஒட்டியே நாலாபக்கமும் பறந்தது. திரும்பாத தண்ணீர் இருமடங்கு உந்த மாற்றத்தைக் கொடுக்க முடியாது. அப்படியென்றால் தவறு பலகையின் பக்கம் இல்லை, ஓஸின் பக்கம். நிறையை எடைபோட்டு அளந்தோம். வேகத்தை அளக்கவே இல்லை. துளையின் பரப்பை வைத்து ஊகித்தோம்.

வேகத்தைத் தனியாக அளக்க ஒரு வழி உண்டு. ஓஸைத் தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாக வைத்துக் கட்டினோம். அந்த உயரத்திலிருந்து எதுவும் தரையைத் தொட அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால் போதும். வேகம் 10.2 என்றால் 5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி விழ வேண்டும். தாரையின் நடுப்பகுதி விழுந்த இடம் 7.5 மீட்டர். அதாவது, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமலே வேகம் நொடிக்கு 15 மீட்டர் வருகிறது. காற்றுத் தடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அப்புறம் இருவரும் துளைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தோம். கண்ணாடிக் கம்பி போல வந்த தாரை, துளையை விட்டு வெளியே வந்த அரை சென்டிமீட்டருக்குள் இடுப்பு ஒடுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்துப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினோம். துளை 10 மி.மீ., தாரை 8 மி.மீ.

காரணம் இதுதான். தட்டையான தகட்டில் கூரிய விளிம்போடு துளை போட்டால், உள்ளே ஓரங்களிலிருந்து வரும் நீர் துளையை நோக்கிப் பக்கவாட்டில் ஓடிவருகிறது. விளிம்பில் அதனால் சட்டென்று நேராகத் திரும்ப முடியாது. அந்தப் பக்கவாட்டு வேகத்தோடே கொஞ்சம் உள்நோக்கிப் போய்விட்டுத்தான் நேராகிறது. அதனால் தாரை துளையைவிடச் சிறுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட துளையில் தாரையின் பரப்பு, துளையின் பரப்பில் ஏறக்குறைய 62 முதல் 64 சதவீதம்தான் இருக்கும் என்பது நீரியலில் பழைய செய்தி. விட்டத்தில் சொன்னால் ஐந்தில் நாலு பங்கு. எங்கள் படம் காட்டியதும் அதேதான்.

8 மி.மீ. தாரைக்குப் பரப்பு 50.3 சதுர மி.மீ. அதே 0.8 கிலோ அந்தச் சின்னப் பரப்பு வழியாகப் போக வேண்டுமானால் வேகம் நொடிக்கு 15.9 மீட்டர். விசை 12.7 நியூட்டன், அதாவது 1.30 கிலோ. தராசு காட்டியது 1.25. முதல் விடைதான் சரி. நாங்கள் அதில் போட்ட வேகம்தான் தப்பு.

பித்தளை நாசிலும் வெறும் ஓஸும்

மதியம் தெருவில் குடியிருக்கும் பிளம்பர் அண்ணனிடம் ஒரு பித்தளை நாசில் வாங்கி வந்தோம். உள்ளே படிப்படியாகக் குறுகி, கடைசியில் சிறிது தூரம் நேராக ஓடும் வாய், விட்டம் 10 மி.மீ. இப்படிப்பட்ட வாயில் தண்ணீர் ஏற்கெனவே நேராகிவிட்ட பிறகே வெளியேறுவதால் தாரை ஒடுங்காது. இப்போது 20 கிலோ நிறைய 22 நொடி, நொடிக்கு 0.91 கிலோ. வேகம் 11.6 மீட்டர். கணக்குப்படி 1.07 கிலோ. தராசு ஏறும்போது 1.06, இறங்கும்போது 1.00, சராசரி 1.03.

மீதி 4 சதவீதம் எங்கே? விசையை ṁ மட்டும் வைத்து எழுதிப் பார்த்தால் F = ṁ²/ρA. நிறையில் வரும் பிழை இரண்டு மடங்காகிறது. A-யில் விட்டத்தின் வர்க்கம் இருப்பதால் விட்டத்தில் வரும் பிழையும் இரண்டு மடங்காகிறது. வாய் 10 இல்லாமல் 10.2 மி.மீ. இருந்தாலே விசை 4 சதவீதம் குறைந்துவிடும். ஸ்கேலால் அளந்த விட்டத்துக்கு இதைவிடத் துல்லியம் கேட்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஓஸுக்கும் பலகைக்கும் இடையே 60 செ.மீ. இருந்தது. அந்தத் தூரத்தில் இந்த வேகத்தாரை 1.3 செ.மீ. தாழ்கிறது. குறிக்கு நேராக ஓஸை வைத்தால் தண்ணீர் குறிக்குக் கீழே படும், கை நீண்டுவிடும், விசை 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதனால் ஓஸின் உயரத்தைப் பார்க்காமல், தண்ணீர் பெருக்கல் குறியில் படுகிறதா என்பதை மட்டும் பார்த்து ஓஸை ஏற்றி வைத்தோம்.

நாசிலைக் கழற்றி வெறும் ஓஸையும் வைத்துப் பார்த்தோம். 20 கிலோவுக்கு 20 நொடி, நொடிக்கு ஒரு கிலோ. மூன்றிலும் இதுதான் அதிகத் தண்ணீர். ஆனால் 20 மி.மீ. வாயில் வேகம் வெறும் 3.2 மீட்டர்; விசை 325 கிராம். எண்ட் கேப் போட்டால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, விசையோ நாலு மடங்காகிறது. ஓஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தொட்டியின் பாசி கழன்று வருவதற்கு இதுதான் காரணம்: மோட்டார் தரும் தண்ணீர் கொஞ்சம்தான் குறைகிறது, வேகமோ வெகுவாகக் கூடுகிறது. ஒரேயடியாக மூடினால் தண்ணீரே நின்றுவிடும் என்பதால் விசை ஓர் உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும்.

அந்த அரை எங்கே போனது

இனி அவளுடைய விடை. பித்தளை நாசில் தாரையின் வேகம் 11.6 மீட்டர். பெர்னூலிப்படி அது நேருக்கு நேர் நின்றால் எழும் அழுத்தம் ½ρv², சுமார் 67 கிலோபாஸ்கல். பிளம்பர்கள் சொல்லும் கணக்கில் 0.68 கிலோ, அதாவது சதுர செ.மீ.க்கு 0.68 கிலோ. இதைத் தாரையின் 78.5 சதுர மி.மீ. பரப்பால் பெருக்கினால் 540 கிராம்தான் வருகிறது. தராசில் அதற்கு ஏறக்குறைய இருமடங்கு நிற்கிறது.

பலகையின் பெருக்கல் குறியில் 2 மி.மீ. துளை போட்டு, பின்பக்கம் ஒரு பிரஷர் கேஜை இறுக்கினோம். பலகை ஆடாமல் கட்டிவிட்டுத் தாரையைத் துளையின் மேல் பிடித்தோம். முள் 0.65-இல் நின்றது. அவள் போட்ட அழுத்தம் சரி. அவள் முகம் இன்னும் குழப்பமானது.

பிறகு ஓஸை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினோம். 5 மி.மீ. நகர்த்தினால் துளை சரியாகத் தாரையின் விளிம்புக்கு வந்துவிடும். அங்கேயும் முள் பாதிக்கு மேலேயே நின்றது. 10 மி.மீ. நகர்த்தினோம். இப்போது துளைக்கு நேரே தாரையே இல்லை, வெறும் விரிந்தோடும் நீர்தான். ஆனாலும் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. எட்டில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சம் இருந்தது. 15 மி.மீ. போனபிறகுதான் அடங்கியது.

அங்கேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "மாமா, பரப்புதான் தப்பு." ஆமாம். ½ρv² என்ற முழு அழுத்தம் நடுவில் ஒரு புள்ளியில் மட்டும்தான் இருக்கிறது. அங்கிருந்து வெளியே போகப் போகக் குறைகிறது, ஆனால் தாரையின் விளிம்போடு முடிந்துவிடுவதில்லை. நேராக வந்த நீர் பக்கவாட்டில் வளைய வேண்டுமானால், வளைவின் உள்பக்கத்தைவிடச் சுவர்ப்பக்கம் அழுத்தம் கூடுதலாக இருந்தாக வேண்டும். அந்த வளைவு தாரையின் விட்டத்துக்கு வெளியேயும் நீள்கிறது. வளையும் இடமெல்லாம் சுவர் அழுத்தப்படுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு என்பதால், வெளியே இருக்கும் சிறிய அழுத்தமும் பெரிய பரப்பில் செயல்பட்டு நிறையச் சேர்த்துவிடுகிறது. எல்லாவற்றையும் வளையம் வளையமாகக் கூட்டினால் ½ρv²A-வுக்கு இருமடங்கு, அதாவது சரியாக ρAv² வரும்.

உந்தக் கணக்கின் வசதியே இதுதான். சுவரின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. வந்த உந்தம், போன உந்தம் இரண்டையும் பார்த்துக்கொண்டால் மொத்த விசை கையில் வந்துவிடுகிறது. ஆனால் சுவரின் பூச்சு பெயருமா என்று கேட்டால் அது விடை சொல்லாது. அதற்கு அவளுடைய ½ρv² வேண்டும். ஏனென்றால் பூச்சைப் பெயர்ப்பது மொத்த விசை இல்லை, ஓரிடத்தில் விழும் அழுத்தம்.

கொட்டாங்குச்சி

தோழியின் விடையை அப்படியே விட்டுவிட மனமில்லை. அந்த இருமடங்குக்கும் ஓர் இடம் உண்டு. நீர் உண்மையிலேயே வந்த வழியே திரும்பிப் போனால், உள்ளே வந்த ṁv-யோடு எதிர்த்திசையில் வெளியே போகும் ṁv-யும் சேரும்.

நன்றாகச் சுரண்டிய பாதிக் கொட்டாங்குச்சியை, குழிந்த பக்கம் ஓஸைப் பார்க்கும்படி பலகையில் பொருத்தித் தராசை மறுபடி சமன்செய்தோம். அதே பித்தளை நாசில், அதே 0.91 கிலோ. இந்த முறை இருவரும் தொப்பலாக நனைந்தோம், ஏனென்றால் நீர் குழியில் வழுக்கிச் சுற்றி எங்கள் பக்கமே திரும்பியது. தராசு சராசரி 1.72 கிலோ. தட்டைப் பலகையில் 1.03, அதைப்போல் 1.67 மடங்கு. முழு இரண்டு வராததற்கு இரண்டு காரணங்கள் கண்ணுக்கே தெரிந்தன. சொரசொரப்பான உட்புறத்தில் உராய்ந்து நீர் வேகம் இழக்கிறது. விளிம்பில் நீர் நேராகத் திரும்பாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்து போகிறது, அதனால் எதிர்த்திசைக் கூறு குறைகிறது.

நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தின் பெல்டன் சக்கரங்களில் கிண்ணங்கள் இருப்பது இதற்காகத்தான். அவற்றிலும் நீரை முழு 180 பாகை திருப்புவதில்லை. ஏறத்தாழ 165 பாகைதான் திருப்புவார்கள். முழுதாகத் திருப்பினால் வெளியேறும் நீர் பின்னால் வரும் கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்.

எங்கே இந்தக் கணக்கு பொய்க்கும்

ஓஸைச் சாய்த்துப் பிடித்தால் சுவருக்குச் செங்குத்தான கூறு மட்டுமே எண்ணப்படும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் தள்ளும் விசை பாதி. தாரை தூரத்திலிருந்து வந்தால் நடுவழியில் துளிகளாக உடைந்து, காற்றிடம் வேகத்தை இழந்துவிடும். நாசிலில் அளந்த வேகத்தை அப்போது சுவருக்குப் போடக் கூடாது. நாங்கள் 4 மீட்டர் தள்ளி நின்று பார்த்தபோது பலகை நிலையாகவே நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது. அது அளவாகாது என்று விட்டுவிட்டோம். ரொம்ப நெருங்கினாலும் சிக்கல்தான்: நாசில் வாயைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்தால் நீர் வெளியேறவே இடமில்லாமல் அளவு குறைந்துபோகும், டிரம்மில் அளந்த ṁ அங்கே செல்லாது.

சாயங்காலம் நாசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிளம்பர் அண்ணன் தீயணைப்பு ஓஸைப் பற்றிக் கேட்டார். ஒரு ஆளால் அதைப் பிடிக்க முடியாது என்கிறார்களே, எவ்வளவு தள்ளும்? நாசிலை விட்டு நீர் எடுத்துக்கொண்டு போகும் உந்தமும் சுவருக்கு வந்து சேரும் உந்தமும் ஒன்றே என்பதால், சுவரைத் தள்ளும் அதே விசை பிடித்திருப்பவரைப் பின்னால் தள்ளும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடம் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: நேர்த்தாரை நாசிலின் விட்டத்தை அங்குலத்திலும், அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும் எடுத்துக்கொண்டு, பின்னுதைப்பை NR = 1.57 × d² × p என்று போடுவார்கள். ஒன்றே அரைக்கால் அங்குல நாசில், 50 பவுண்டு அழுத்தம் என்றால் சுமார் 99 பவுண்டு, நம் கணக்கில் 45 கிலோ. ஒரு மூட்டைச் சிமெண்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் பக்கவாட்டில்.

"1.57 எங்கேருந்து வருது?" என்றாள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் 0.785 பங்கு என்று மட்டும் சொன்னேன். பிளம்பர் அண்ணன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். அழுத்தம் பெருக்கல் பரப்பு என்றால் 0.785 × d² × p தான் வர வேண்டும். வாய்ப்பாட்டில் இருப்பதோ அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. முந்தின நாள் அவள் தாளில் காணாமல் போயிருந்த பாதி அங்கே இருந்தது.